பதிவுக்குப் பதிவு மாறும் அணில்: கடைச் சின்னத்தின் உருவத்தையும் நிறத்தையும் நிலைநிறுத்துவது

"கோவில்பட்டிப் பக்கத்தில் கடலைமிட்டாய்க் கடை வைத்திருக்கிறோம். தோளில் சிவப்புத் துண்டு போட்ட அணில்தான் எங்கள் சின்னம். பாக்கெட்டுக்காக ஓர் ஓவியர் வரைந்து தந்தார். இப்போது வாராந்தரப் பதிவுகளுக்கு என் தங்கை மகன் ஐபேடில் வரைகிறான். பண்டிகை வந்தால் அச்சகத்தில் செய்து தருகிறார்கள். இன்ஸ்டாகிராமில் வரிசையாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் வேறு அணிலாகத் தெரிகிறது. நிறமும் ஒன்றுபோல் இல்லை. எப்படிச் சரி செய்வது?"

ஏட்டுச்சுவடியைப் பார்த்து ஒருவர் படியெடுக்க, அந்தப் படியைப் பார்த்து அடுத்தவர் எழுத, பாடபேதங்கள் பெருகிய கதைதான் இதிலும் நடக்கிறது. உங்கள் தங்கை மகன் ஓவியரின் அணிலைப் பார்த்து வரைந்திருப்பார். அச்சகத்தில் இருப்பவர் தங்கை மகனின் கடைசிப் பதிவைத் திரையிலிருந்து பிடித்து அதைப் பார்த்து வரைந்திருப்பார். ஒருமுறை வால் சற்றுத் தடிக்கும், மறுமுறை கண்கள் சற்று நெருங்கும். எந்த ஒரு மாற்றமும் தனியாகப் பார்த்தால் தவறாகத் தெரியாது. பத்தாவது படியில் அது வேறு அணிலாகிவிடும். ஆகவே கையாள்பவர்களின் திறமையைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. பார்த்து வரைவதற்கு ஒரே மூலப்படி இல்லை என்பதும், வரையத் தேவையே இல்லாத இடத்தில் மறுபடி மறுபடி வரைகிறோம் என்பதும்தான் காரணங்கள்.

எனவே முதலில் ஓவியரிடம் கேட்டு அசல் கோப்பை வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் வந்த படம் உதவாது. கோடுகளைத் தனித்தனியே திருத்தக்கூடிய SVG கோப்பாகவோ இல்லஸ்ட்ரேட்டர் மென்பொருளின் AI கோப்பாகவோ இருக்க வேண்டும். அணிலின் உரிமை கடைக்கு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். அசல் கோப்பு தொலைந்துபோயிருந்தால், இருப்பவற்றில் உங்களுக்கு மிகவும் பிடித்த ஓர் அணிலைத் தேர்ந்து, இங்க்ஸ்கேப் போன்ற இலவச மென்பொருளில் ஒரே ஒருமுறை பொறுமையாக மறுபடி வரையச் செய்யுங்கள். அன்றிலிருந்து அதுவே மூலப்படி.

மூலப்படியில் எவற்றை அளந்து எழுதி வைப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். எல்லாவற்றையும் அளக்கத் தொடங்கினால் யாரும் படிக்காத நூறு பக்கக் கையேடு உருவாகும். ஓர் உருவத்தை நாம் அடையாளம் காண்பது பெரும்பாலும் தலைக்கும் உடலுக்கும் உள்ள விகிதம், கண்கள் இருக்கும் இடம், வெளிக்கோட்டின் நிழலுருவம் ஆகிய மூன்றால்தான். எடுத்துக்காட்டாக, அணிலின் மொத்த உயரம் இரண்டரைத் தலை. இரு கண்களுக்கு நடுவே ஒரு கண்ணின் அகலம். வாலின் நுனி காதின் உயரத்தைத் தாண்டாது. துண்டு எப்போதும் அணிலின் வலத் தோளில். இந்த நான்கு வரிகளை முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் என்ற மூன்று படங்களுக்குக் கீழே எழுதி ஒரே தாளில் வைத்தால் போதும். அசைவூட்டப் படக்காரர்கள் பல கைகள் வரையும் ஒரு பாத்திரத்துக்கு வைத்துக்கொள்ளும் மாதிரித் தாளும் இதே வகையானதுதான்.

அணில் என்பதால் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊர் அணிலை அணிலாகக் காட்டுவது முதுகில் உள்ள மூன்று வெளிர் கோடுகள். ஆனால் பதிவுகளில் உங்கள் அணில் பெரும்பாலும் நம்மைப் பார்த்தபடிதான் நிற்கும். அப்போது முதுகு தெரியாது, கோடுகளும் தெரியாது. இதனால் வரைபவர் ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றிய இடத்தில் கோடு போட்டுக்கொள்வார்கள்: ஒருவர் வயிற்றில், ஒருவர் வாலில், மற்றொருவர் எங்குமே போடாமல். இணையத்தில் கிடைக்கும் அணில் படங்களைப் பார்த்து வரைந்தால் இன்னும் குழப்பம். வட இந்திய அணிலுக்கு முதுகில் ஐந்து கோடுகள், ஐரோப்பியச் செவ்வணிலுக்குக் கோடே கிடையாது, காதில் மயிர்க்குஞ்சம் மட்டும் உண்டு. முன்பக்கத் தோற்றத்தில் அந்த மூன்று கோடுகளும் நெற்றியிலிருந்து உச்சி நோக்கிச் செல்லும் என்று தீர்மானித்து வைத்துவிடுங்கள். இயற்கையில் அப்படி இல்லைதான், ஆனால் சின்னத்துக்கு அது தகும்.

இனி நிறம். உங்கள் வரிசையில் நிறம் மாறுவதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்கள் இருக்கும் என்று நினைக்கிறேன். அவற்றைப் பிரித்தறியாமல் "இன்னும் கொஞ்சம் சிவப்பாக்கு" என்று கண்ணால் திருத்திக்கொண்டே போனால் நிலைமை மோசமாகும். முதலில் நிறங்களை எண்ணாக எழுதி வைக்க வேண்டும். உங்கள் அணிலுக்கு ஏழு நிறங்கள் போதும். இங்க்ஸ்கேப், கிம்ப், கிரிட்டா மூன்றும் படிக்கக்கூடிய நிறத்தட்டுக் கோப்பாக அதை இப்படி எழுதி `anil.gpl` என்ற பெயரில் சேமிக்கலாம்:

```
GIMP Palette
Name: Anil
Columns: 4
#
168 105  58  Udal
126  71  38  Udal nizhal
246 227 192  Vayiru
 58  33  24  Kodu
214  50  43  Thundu
163  31  34  Thundu nizhal
255 255 255  Vellai
```

இதே நிறங்களை ஐபேடிலோ கேன்வாவிலோ இடும்போது உடலுக்கு `#A86939`-ஐப் போட்டாரா `#A8693A`-ஐப் போட்டாரா என்ற குழப்பம் வராமலிருக்க, `#A8693A`, `#7E4726`, `#F6E3C0`, `#3A2118`, `#D6322B`, `#A31F22` என்ற ஆறு குறியீடுகளையும் மாதிரித் தாளிலேயே அச்சிட்டுவிடுங்கள். முதுகுக் கோடுகளும் நெற்றிக் கோடுகளும் வயிற்று நிறத்தையே எடுத்துக்கொள்ளும். அவற்றுக்கெனத் தனி நிறம் வேண்டாம். எண்களை நான் ஒரு கடலைமிட்டாய்க் கடை அணிலை நினைத்துப் பொறுக்கினேன். உங்கள் ஓவியரின் கோப்பில் வேறு எண்கள் இருந்தால் அவையே தொடரட்டும்.

நிழல்களையும் தனி நிறங்களாகப் பட்டியலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. வரைபவர்கள் பலர் நிழலுக்குக் கறுப்பைப் பாதி ஒளிபுகும்படி மேலே பூசிவிடுவார்கள். ஒருவர் இருபது விழுக்காடு வைப்பார், மற்றவர் முப்பத்தைந்து வைப்பார். மேலும் கறுப்புக் கலந்த பழுப்பு அழுக்கேறியதுபோல் தெரியும். தின்பண்டக் கடைக்கு அது ஆகாது. நிழலை ஒளிபுகாத ஒரே நிறமாக வைத்தால் விவாதத்துக்கே இடமில்லை.

எண்ணை எழுதி வைத்த பிறகும் நிறம் மாறினால், நிறவெளியைச் சந்தேகியுங்கள். ஒரே எண் எல்லாக் கோப்பிலும் ஒரே நிறத்தைக் குறிப்பதில்லை. இணையத்தில் வழக்கமான நிறவெளி sRGB. பல ஐபேடுகளும் அண்மைக்கால ஐபோன்களும் அதைவிடச் செறிவான நிறங்களைக் கொள்ளும் Display P3 என்ற வெளியைப் பயன்படுத்துகின்றன. ஒரு சிவப்பை இருநூற்றுப் பதினான்கு படி என்று சொன்னால், எந்த அளவுகோலில் என்று சொல்லாதவரை அந்த எண் பாதிச் செய்திதான். ஆழாக்கு ஊருக்கு ஊர் மாறிய காலத்தில் மூன்று ஆழாக்கு அரிசி என்று மட்டும் சொன்னதைப் போன்றது அது. ஐபேடில் வரைய உதவும் ப்ரொக்ரியேட் செயலியில் புதிய தாள் திறக்கும்போது முதலில் வரும் திரை அளவுத் தாள் பெரும்பாலும் P3 வெளியில் அமைந்தது. அதில் வரைந்த அணிலை, நிறவெளிக் குறிப்பைக் கவனிக்காத ஒரு மென்பொருள் வழியாக ஏற்றினால், சிவப்புத் துண்டு வெளுத்து, பழுப்பு உடல் மண்ணாகத் தெரியும். இதற்கு மாறாக, ஐபோனில் எடுத்த கடலைமிட்டாய்ப் படத்தின் மேல் sRGB அணிலை ஒட்டும்போது, மென்பொருள் அணிலின் எண்களை P3 என்று எடுத்துக்கொண்டால் துண்டு கண்ணைக் குத்தும் சிவப்பாகிவிடும்.

தீர்வு எளிது. ஐபேடில் புதிய தாளைத் தன்விருப்ப அளவில் திறந்து, `Color profile` பகுதியில் `sRGB IEC61966-2.1` என்பதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே P3-இல் உள்ள கோப்பை ஃபோட்டோஷாப்பில் திருத்துவதாக இருந்தால் `Convert to Profile` என்பதையே பயன்படுத்த வேண்டும். அது தோற்றத்தை இயன்றவரை காத்து எண்களை மாற்றும். பக்கத்திலேயே இருக்கும் `Assign Profile` எண்களை அப்படியே விட்டுத் தோற்றத்தை மாற்றிவிடும். இரண்டையும் மாற்றிச் சொடுக்கிவிட்டு மானிட்டரைக் குறை சொன்னவர்களில் நானும் ஒருவன்.

அச்சகத்திலிருந்து வரும் படங்களில் பிரச்சினை வேறு. அவர்கள் கோப்பு நான்கு மை நிறங்களில், அதாவது CMYK-இல் இருக்கும். திரையில் ஒளிரும் பல சிவப்புகளையும் ஆரஞ்சுகளையும் மையால் கொண்டுவர முடியாது. ஆகவே அந்தக் கோப்பைத் திரும்ப sRGB-க்கு மாற்றினாலும் போன பளிச்சென்ற தன்மை வராது. பாக்கெட்டுக்குச் செய்த கோப்பிலிருந்து பதிவுக்கு அணிலை எடுக்கக் கூடாது. மூலப்படியிலிருந்து திரைக்கு ஒரு கிளை, அச்சுக்கு ஒரு கிளை என்று பிரியட்டும். ஒரு கிளையிலிருந்து மறு கிளைக்குத் தாவ வேண்டாம். அச்சுக்கான மை விகிதத்தை அச்சகத்தில் மாதிரி ஓட்டிப் பார்த்து முடிவு செய்து, அதையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பாக்கெட்டைக் குழல்விளக்கின் கீழ் பிடித்துக்கொண்டு கைப்பேசித் திரையோடு ஒப்பிடுவது வீண் வேலை.

எண்ணும் நிறவெளியும் சரியாக இருந்தும் நிறம் மாறியதுபோல் தெரிந்தால், அது கண்ணின் வேலை. அதே பழுப்பு, மஞ்சள் பின்னணியில் இருண்டும், கரும்பச்சைப் பின்னணியில் வெளிறியும் சிவந்தும் தெரியும். இது ஓவியம் கற்பவர்கள் முதல் ஆண்டிலேயே படிக்கும் செய்திதான். ஆனால் கடையில் உட்கார்ந்து பதிவு போடுபவர் இதை அறியாமல், மஞ்சள் பின்னணிக்கு ஏற்ப உடலை வெளுக்கச் செய்துவிடுவார். அடுத்த வாரம் அந்த வெளுத்த அணில் பச்சைப் பின்னணிக்குப் போகும். உங்கள் கடைக்கு இன்னொரு சங்கடமும் உண்டு: கடலைமிட்டாய் பழுப்பு, வெல்லப்பாகு பழுப்பு, அணிலும் பழுப்பு. பொருளின் நெருக்கப் படத்தின் மேல் அணிலை வைத்தால் அது பாகில் கரைந்துவிடும்.

இரண்டுக்கும் ஒரே மருந்து, அணிலைச் சுற்றி ஒட்டுப்படத்தில் இருப்பதுபோல வெள்ளை விளிம்பு. அணிலின் உயரத்தை ஆயிரம் பங்காகக் கொண்டால் இருபது பங்கு அகல விளிம்பு போதும். பின்னணி எதுவானாலும் உடலின் பழுப்புக்கு அடுத்து எப்போதும் கருங்கோடு, அதற்கடுத்து வெள்ளை என்று அமைவதால், நிறம் மாறிய தோற்றம் பெருமளவு குறையும். விளிம்பு ஒவ்வொரு பதிவிலும் புதிதாகச் சேர்ப்பதாக இருக்கக் கூடாது. கோப்பின் உள்ளேயே இருக்க வேண்டும். இதோடு பின்னணிகளையும் நான்காகச் சுருக்கினால் வரிசை தானாகவே அடங்கும்.

வெளிக்கோட்டின் தடிமனையும் இதே கவனத்தோடு பார்க்க வேண்டும், ஏனெனில் பாணி மாறிவிட்டதாக நமக்குத் தோன்றுவதில் பாதி, கோட்டின் தடிமனால் வருவது. ஆயிரம் பங்கு உயரத்துக்கு வெளிக்கோடு பன்னிரண்டு பங்கு, முகத்துக்குள் வரும் கோடு எட்டுப் பங்கு என்று வைத்துக்கொள்வோம். உருவத்தைச் சுருக்கும்போது கோடும் சேர்ந்து சுருங்க வேண்டும். இங்க்ஸ்கேப்பில் `Scale stroke width`, இல்லஸ்ட்ரேட்டரில் `Scale Strokes & Effects` என்ற அமைப்பு அணைந்திருந்தால், அணில் பாதியாகும், கோடு மட்டும் பழைய தடிமனிலேயே நிற்கும். முகம் மை அப்பியதுபோலாகிவிடும். பதிவுக்குக் கொடுக்கும் கோப்புகளில் கோடுகளை `Stroke to Path` கட்டளையால் வடிவங்களாக மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை ஒழியும். திருத்துவதற்கான மூலப்படியில் மட்டும் அப்படிச் செய்யாதீர்கள்.

ஆனால் சுருங்குவதற்கும் ஓர் எல்லை உண்டு. ஆயிரத்துக்குப் பன்னிரண்டு என்ற கோடு, நூறு பிக்சல் உயரச் சுயவிவரப் படத்தில் ஒரு பிக்சலுக்குச் சற்று மேல்தான் இருக்கும்; அது கோடாகத் தெரியாது, மங்கலாகத்தான் தெரியும். ஆகவே வட்டத்துக்குள் வரும் அந்தச் சிறு படத்துக்கு முழு அணிலைப் போடாமல், தலையும் துண்டின் ஓரமும் மட்டும் உள்ள தனி வடிவம் ஒன்றைக் கோட்டை இரட்டிப்பாக்கி வரைந்து வையுங்கள். இது ஒருமைக்கு விரோதமல்ல. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவதற்காக அளவை மாற்றுகிறோம்.

இப்போது வாரப் பதிவுகளுக்கு வருகிறேன். சென்ற ஓராண்டுப் பதிவுகளை எடுத்து அணில் என்ன செய்கிறது என்று எண்ணிப் பாருங்கள். வணக்கம் சொல்வது, மிட்டாயை நீட்டுவது, அறிவிப்புப் பலகையைப் பிடிப்பது, பொட்டலம் சுமப்பது, கடை விடுமுறைக்குத் தூங்குவது, வியப்பது என்று பத்துப் பன்னிரண்டுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். அந்தப் பன்னிரண்டு நிலைகளையும் ஒரே ஆள், ஒரே வாரத்தில், மூலப்படியை அருகில் வைத்து வரைந்து முடிக்க வேண்டும். மாதத்துக்கு ஒன்றாக வரைந்தால் கை மாறிப்போகும். அதே ஓவியரின் கையே ஓராண்டில் மாறும். உங்கள் தங்கை மகன் நன்றாக வரைபவரென்றால் அவரே செய்யலாம். அதன்பின் பதிவு போடுபவர் எவரும் அணிலை வரைவதில்லை, எடுத்து வைப்பதோடு சரி.

வரையாவிட்டாலும் மாற்றங்கள் நுழையும் வழிகள் சில உண்டு. அணில் இடப்பக்கம் பார்க்க வேண்டுமென்று படத்தைத் திருப்பிப் போட்டால் துண்டு தோள் மாறிவிடும். இரு திசைகளுக்கும் தனித்தனி நிலைகள் வைத்துக்கொள்ளுங்கள். பதிவு முழுவதும் தயாரான பிறகு இன்ஸ்டாகிராமில் வடிகட்டி போட்டால் அணிலும் சேர்ந்து நிறம் மாறும். புகைப்படத்தை முதலில் திருத்தி முடித்துவிட்டு, அணிலைக் கடைசியாக வைக்க வேண்டும். பண்டிகைக்குக் கரும்பு, அகல்விளக்கு, மாலை போன்றவற்றைத் தனி அடுக்காகச் சேர்க்கலாம், அவற்றின் நிறம் உங்கள் விருப்பம். ஆனால் நெற்றிக் கோடுகளையும் துண்டையும் அவை மறைக்கக் கூடாது. பொங்கலுக்கு அணிலுக்கே பட்டு வேட்டி கட்டிச் சிவப்புத் துண்டைக் கழற்றிவிடும் ஆசை வரும். எனக்கும் அந்த ஆசை புரிகிறது, ஆனால் வாடிக்கையாளர் தேடுவது அந்தத் துண்டைத்தான்.

கோப்புகளைக் கைமாற்றும்போது வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் அது சுருக்கப்படும்; அந்தச் சுருக்கத்தில் ஒளிர்வைவிட நிறத்தகவல் அதிகமாக வெட்டப்படுவதால், சிவப்புப் பகுதிகளின் ஓரம் அருகிலுள்ள நிறத்துக்குள் கசியும். உங்கள் துண்டைச் சுற்றிக் கருங்கோடு தடிமனாக இருக்க வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். சிவப்பில் மெல்லிய எழுத்தோ கோடோ வைக்காதீர்கள். ஒளிபுகும் பின்னணியோடு PNG ஆக, இன்ஸ்டாகிராமின் 1080 பிக்சல் அகலத்துக்குக் குறையாத அளவில் வைத்திருந்தால் பெரும்பாலான தேவைகளுக்குப் போதும்.

இவ்வளவு செய்த பிறகும் ஒரு பதிவு மாறித் தெரிந்தால், காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். ஏற்றிய பதிவைச் சேமித்து, கணினியில் திறந்து, நிறமெடுக்கும் கருவியால் துண்டு, உடல், வயிறு ஆகியவற்றின் நடுப்பகுதியைத் தொட்டு எண்களைக் குறியுங்கள். ஓரத்தைத் தொடக் கூடாது. எண்கள் ஓரிரண்டு கூடியோ குறைந்தோ இருந்தால் அது சுருக்கத்தின் விளைவு, விட்டுவிடுங்கள். எல்லா நிறங்களும் ஒரே போக்கில், அதாவது எல்லாமே வெளுத்தோ எல்லாமே செறிந்தோ இருந்தால் நிறவெளி தவறியிருக்கிறது, அல்லது வடிகட்டி விழுந்திருக்கிறது. ஒரே ஒரு நிறம் மட்டும் விலகியிருந்தால் யாரோ அதைப் பழைய பதிவிலிருந்து தொட்டெடுத்துப் பூசியிருக்கிறார்கள். எண்கள் யாவும் சரியாக இருந்தும் வேறாகத் தெரிந்தால் பின்னணியைப் பாருங்கள், இல்லையென்றால் உங்கள் கைப்பேசியில் இரவு நேர மஞ்சள் ஒளி அமைப்பு எரிகிறதா என்று பாருங்கள். வாடிக்கையாளர் ஒவ்வொருவரின் திரையும் ஒவ்வொரு விதமாகக் காட்டும். அதை நீங்கள் துரத்த முடியாது, துரத்தவும் வேண்டாம். ஒரே திரையில் உங்கள் ஒன்பது பதிவுகளும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பதே கேள்வி.

உருவத்துக்கும் இதேபோல் ஒரு சோதனை உண்டு. புதிய நிலையில் வரைந்த அணிலின் தலையை மூலப்படித் தலையின் மேல் ஒரே அளவில் பொருத்தி, மேலடுக்கின் கலப்பு முறையை `Difference` என்று மாற்றுங்கள். இரண்டும் ஒன்றாக உள்ள இடமெல்லாம் கறுப்பாகிவிடும். விலகிய இடம் மட்டும் ஒளிரும். வாய் ஒளிர்ந்தால் பரவாயில்லை, அது முகபாவம். கண்ணைச் சுற்றிப் பிறை வடிவில் ஒளிர்ந்தால் கண் நகர்ந்திருக்கிறது, திருத்த வேண்டும்.

பழைய பதிவுகளை அழிக்க வேண்டாம். அவற்றில் வாடிக்கையாளரின் கருத்துகள் இருக்கும். சுயவிவரப் படத்தையும், மேலே நிலைநிறுத்தி வைத்துள்ள பதிவுகளையும் மட்டும் புதிய அணிலுக்கு மாற்றிவிட்டு, அதே நாளில் தங்கை மகனின் ஐபேடிலும் அச்சகத்துக் கணினியிலும் உள்ள பழைய அணில் கோப்புகளை நீக்கச் சொல்லுங்கள். அச்சகத்தில் "வைத்திருக்கிறோம், தேவைப்படும்" என்பார்கள். அவர்களுக்குப் பன்னிரண்டு நிலைகளும் மாதிரித் தாளும் அடங்கிய புதிய உறையைக் கையில் கொடுத்துவிட்டுக் கேளுங்கள், நீக்கிவிடுவார்கள்.